ஆறு நாற்காலி, மூன்று எண்கள்: ஒரு சலூனில் ஸ்டைலிஸ்ட் மதிப்பீடு நடந்த விதம்

கோவையில் ஆறு நாற்காலி போட்ட ஒரு யூனிசெக்ஸ் சலூன். ஆறு ஸ்டைலிஸ்ட், மூன்று ஹெல்பர், ரிசப்ஷனில் ஒருவர், தலை அலச இரண்டு பேசின். அந்தச் சலூனுக்கு இன்சென்டிவ் கணக்குப் போட்டுக் கொடுப்பதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டைலிஸ்ட்களுடன் உட்கார்ந்து பேசுவதும் என் வேலை. இங்கே ஆட்களின் பெயர் வேண்டாம், நாற்காலி எண்ணை வைத்தே சொல்கிறேன்.

பல சலூன்களில் இருப்பது போல இங்கேயும் ரொம்ப நாளாக ஒரே ஒரு டார்கெட்தான் இருந்தது. வாங்கும் சம்பளத்தைப் போல நான்கு மடங்கு பில் போட வேண்டும், அதற்கு மேல் போட்டால் இன்சென்டிவ். கலரும், முடியை மிருதுவாக்கிச் சில மாதம் நிற்கும் கெரட்டினும் செய்கிற முதல் நாற்காலி அக்கா மாதம் பிறந்து இருபது நாளில் அதைத் தாண்டிவிடுவார். த்ரெட்டிங்கும் ஹேர்கட்டும் மட்டும் கிடைக்கிற ஆறாம் நாற்காலிப் பையன் எத்தனை தலை வெட்டினாலும் தாண்ட முடியாது. அதனால் 2025 ஜனவரியில் உரிமையாளர் மேடம் புதிதாக மூன்று எண்களைக் கொண்டுவந்தார். வருகிற வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் போட வேண்டும், ஒவ்வொரு பதிவுக்கும் 50 ரூபாய். சராசரி பில் 1,200 ரூபாயைத் தொட வேண்டும், கூடுதலாக விற்கும் சேவையில் பத்து சதவீதம் கையில். காலை 9.45க்குள் கைரேகை வைக்க வேண்டும், மாதத்தில் மூன்று நாள் தாமதமானால் அரை நாள் சம்பளம் பிடித்தம்.

நோக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. வாடிக்கையாளரைத் திரும்ப வரவைப்பது, ஒரு வருகையில் கொஞ்சம் கூடுதலாக விற்பது, சொன்ன நேரத்துக்குத் தொடங்குவது ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் சலூன் தொழில். ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, மூன்று எண்களுமே தாங்கள் அளக்க வேண்டியதை விட்டுவிட்டு வேறெதையோ அளந்துகொண்டிருந்தன.

எழுதிய பதிவும் வந்த ஆளும்

ரீபுக்கிங் பட்டியலில் முதலிடம் மூன்றாம் நாற்காலிக்கு. பத்து வருட அனுபவம் உள்ளவர், பேச்சில் கெட்டிக்காரர். 200 பேருக்கு வேலை செய்து 126 பேருக்கு அடுத்த தேதி போட்டிருந்தார், 63 சதவீதம். கடைசி இடம் ஐந்தாம் நாற்காலிக்கு. மணிப்பூரிலிருந்து வந்து இரண்டு வருடமாகக் கோவையில் வேலை செய்கிற பெண். 180 பேரில் 27 பேருக்குத்தான் தேதி, 15 சதவீதம். இந்தப் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மதிப்பீட்டுக்கு உட்கார்ந்தால், ஒருவருக்குக் கைதட்டல், இன்னொருவருக்கு எச்சரிக்கை என்று பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்கு விடை தேவைப்பட்டது. போட்ட தேதிக்கு எத்தனை பேர் வந்தார்கள்? தேதி போட்டோ போடாமலோ மொத்தத்தில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்?

முதல் கேள்விக்கு விடை சுலபம். குறித்த தேதிக்கு ஒரு வாரம் முன்னே பின்னே வந்தால் வந்ததாக வைத்துக்கொண்டோம். மூன்றாம் நாற்காலியின் 126 பதிவில் 49 பேர் வந்திருந்தார்கள். ஐந்தாம் நாற்காலியின் 27 பதிவில் 22 பேர். மூன்றாம் நாற்காலியில் என்ன நடந்தது என்பது ரிசப்ஷனில் அரை நாள் நின்றாலே தெரியும். பில் கட்டிக்கொண்டிருக்கும் வாடிக்கையாளரிடம் “அடுத்த மாசம் இதே தேதி போட்டுக்கட்டுங்களா சார்?” என்று கேட்கிறார். அவரும் ஒரு கையில் போன், ஒரு கையில் கார் சாவி என்று நின்றபடி “போட்டுக்கோங்க” என்கிறார். அவரைப் பொறுத்தவரை அது வாசலுக்குப் போகும் வழியில் சொன்ன ஒரு சொல், அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்விக்கு நேரமும் உழைப்பும் தேவைப்பட்டன. திரும்பி வருவதற்கு எவ்வளவு காலம் கொடுப்பது என்பது சேவைக்குச் சேவை மாறும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலே வளர்கிறது. வேரில் புதிதாக வளர்ந்த முடிக்கு மட்டும் கலர் பூசும் ரூட் டச்சப் செய்தவருக்கு ஐந்து வாரத்தில் வகிட்டில் வெள்ளைக் கோடு தெரிந்துவிடும், எட்டு வாரத்துக்குள் வரவில்லை என்றால் வேறெங்கோ போய்விட்டார் என்று கொள்ளலாம். ஆண்கள் ஹேர்கட்டுக்கு ஆறு வாரம், த்ரெட்டிங்குக்கு நான்கு வாரம், பெண்கள் ஹேர்கட்டுக்குப் பன்னிரண்டு வாரம் என்று வைத்தோம். மணப்பெண் மேக்கப், கெரட்டின், வெளியூரிலிருந்து கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஆகியோரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மேலே சொன்ன 200, 180 எல்லாம் இப்படிக் கழித்தபின் மிஞ்சியவை. கெரட்டின் செய்துகொண்டவர் அடுத்த மாதம் வராதது ஸ்டைலிஸ்ட்டின் குறை ஆகாது. அப்படிப்பட்டவர்களையும் சேர்த்து வகுத்தால் முதல் நாற்காலி அக்காவின் சதவீதம் காரணமே இல்லாமல் தரைக்கு இறங்கிவிடும்.

அப்புறம் போன் நம்பர் பிரச்சினை. மென்பொருள் வாடிக்கையாளரை மொபைல் எண்ணால்தான் அடையாளம் காண்கிறது. ஒரு குடும்பத்தில் அம்மா, அப்பா, பையன் மூன்று பேரும் ஒரே எண்ணில் பில் போட்டால், அம்மா ரூட் டச்சப்புக்கு வந்து இரண்டு வாரம் கழித்துப் பையன் முடி வெட்ட வந்தாலும் அம்மா திரும்பி வந்ததாகக் காட்டும். நம்பர் கொடுக்க விரும்பாதவர்களுக்கு ரிசப்ஷனில் 9999999999 என்று அடித்திருந்தார்கள். கணினியின் பார்வையில் அந்த எண்காரர் ஒரே சனிக்கிழமையில் பல தடவை வந்துபோன ஆள். இதையெல்லாம் சுத்தம் செய்யாமல் எடுக்கிற எந்தச் சதவீதத்தையும் நம்ப முடியாது. பில் நோட்டையும், யாருக்கு என்ன வேலை என்று எழுதும் ஜாப் கார்டையும் வைத்துப் பெயரோடு பொருத்திப் பார்த்தோம். பொருந்தாதவற்றை விட்டுவிட்டோம்.

பன்னிரண்டு வாரக் கெடு இருப்பதால் மார்ச் கடைசியில் வந்தவர் திரும்பினாரா என்பது ஜூன் கடைசியில்தான் தெரியும். அதுவரை காத்திருந்தோம். மூன்றாம் நாற்காலியின் 200 பேரில் 92 பேர் திரும்பியிருந்தார்கள், 46 சதவீதம். ஐந்தாம் நாற்காலியின் 180 பேரில் 113 பேர், ஏறத்தாழ 63 சதவீதம். வரிசை தலைகீழாகிவிட்டது.

திரும்பி வந்தவர் அதே ஸ்டைலிஸ்ட்டிடம் உட்கார வேண்டும் என்று நாங்கள் வைக்கவில்லை. சலூனுக்கு வந்தால் போதும், முந்தைய வருகையில் வேலை செய்தவருக்குக் கணக்கு. இதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு. “என் கஸ்டமர் என்னிடமே வர வேண்டும்” என்பதற்குப் பணம் கொடுத்தால், வாடிக்கையாளரின் நம்பரைத் தன் சொந்த போனில் வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் வரும். தான் லீவில் இருக்கும்போது இன்னொருவரிடம் அனுப்ப மனம் வராது. ஒரு நாள் வேலையை விட்டுப் போகும்போது அந்த நம்பர்களும் கூடவே போகும்.

பேசினில் தலை சாய்த்திருக்கும்போது விற்பது

சராசரி பில் என்ற எண்ணை முதல் வாரத்திலேயே தூக்கிப் போட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். முதல் நாற்காலிக்குக் கலர் வருகிறது, ஆறாம் நாற்காலிக்கு ஹேர்கட் வருகிறது. யாருக்கு எந்த வாடிக்கையாளர் என்பதை ரிசப்ஷன் முடிவு செய்கிறது. இருவரின் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிவது ரிசப்ஷனின் பழக்கம் மட்டும்தான். அதனால் ஒரே வகை பில்லை மட்டும் எடுத்துக்கொண்டோம். வாடிக்கையாளர் எதற்கு என்று சொல்லி வந்தாரோ அதற்கு மேல் ஒரு சேவையாவது சேர்ந்த பில்கள் எத்தனை? ஹேர்கட்டுக்கு என்று வந்தவர்களில் முதல் நாற்காலியில் 60 பேருக்கு 12 பேர் கூடுதலாக ஏதாவது எடுத்திருந்தார்கள். ஆறாம் நாற்காலியில் 140 பேருக்கு 42 பேர். சராசரி பில்லில் கடைசியில் இருந்த பையன் ஹேர்கட்டைப் பொறுத்தவரை முதல் நாற்காலியை விட நன்றாகவே விற்றிருந்தான்.

மூன்றாம் நாற்காலி இதிலும் மேலேதான். 200 பேரில் 90 பேருக்குக் கூடுதல் சேவை, 45 சதவீதம். இந்த 90 பேரையும் மற்ற 110 பேரையும் பிரித்துத் திரும்பி வந்த கணக்கைப் போட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கூடுதலாக எதுவும் எடுக்காத 110 பேரில் 64 பேர் திரும்பியிருந்தார்கள், 58 சதவீதம். கூடுதலாக எடுத்த 90 பேரில் 28 பேர், 31 சதவீதம். புது வாடிக்கையாளர்களிடம் அதிகமாக விற்றிருக்கலாம், புதியவர்கள் எப்படியும் குறைவாகத்தான் திரும்புவார்கள் என்று தோன்றியதால் பழையவர்களை மட்டும் பிரித்தும் பார்த்தேன். வித்தியாசம் குறைந்தது, ஆனால் மறையவில்லை. ஆறாம் நாற்காலியில் கூடுதல் சேவை எடுத்த 42 பேரில் 30 பேர் திரும்பி வந்திருந்தார்கள். ஆகவே கூடுதலாக விற்பது ஆளை விரட்டுகிறது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. எப்படி விற்றார்கள் என்பதில்தான் வேறுபாடு.

அதை நேரில் பார்ப்பது கடினமாக இல்லை. ஹேர்கட்டுக்கு வந்த ஒரு பெண்ணைப் பேசினுக்கு அழைத்துப் போகிறார்கள். தலை பின்னால் சாய்ந்திருக்கிறது, முடி நனைந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரிவது கூரையும் ட்யூப் லைட்டும்தான். மேலே இருந்து ஒரு குரல்: “ரொம்ப ட்ரையா இருக்குங்க மேடம், ஒரு ஸ்பா குடுத்திரலாமா?” விலை சொல்லவில்லை. விலைப்பட்டியல் ரிசப்ஷனில் இருக்கிறது. அவர் “ம்” என்கிறார். பில் வரும்போது தொகை அவர் நினைத்து வந்ததைப் போல மூன்று மடங்கு. சண்டை போடுகிறவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் ஜிபேயில் கட்டிவிட்டுப் போகிறார்கள், அப்புறம் வருவதில்லை. புகார் நோட்டில் மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு வரிதான் இருந்தது. புகார் இல்லை என்பதை வைத்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்தால் இந்தத் தொழிலில் ஏமாந்துபோவோம்.

ஆறாம் நாற்காலிப் பையன் செய்ததில் தந்திரம் எதுவும் கிடையாது. கழுத்தைச் சுற்றிக் கேப் துணி போடுவதற்கு முன், முடி காய்ந்திருக்கும்போதே, கண்ணாடியில் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து “நுனி பிளந்திருக்குதுங்க, வெட்டினா போயிரும். வேணும்னா ஒரு டீப் கண்டிஷனிங் இருக்கு, 450 ரூபாய். இன்னைக்கே பண்ணணும்னு இல்லைங்க” என்று சொல்வான். வேண்டாம் என்று சொல்ல வாடிக்கையாளருக்கு இடம் இருந்தது.

இதிலிருந்து வந்த விதி ஒன்றே ஒன்று. கூடுதல் சேவை எதுவானாலும் நாற்காலியில் இருக்கும்போதே விலையோடு சொல்லி, ஜாப் கார்டில் எழுதி, வாடிக்கையாளரின் கையெழுத்தை வாங்கியபின்தான் பேசினுக்குப் போக வேண்டும். கையெழுத்து உள்ள கார்டுக்குத்தான் பத்து சதவீதம்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. பில் தொகையை வைத்து எதை ஒப்பிட்டாலும் வரிக்கு முந்தைய தொகையை எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. மொத்தத் தொகையை ஒப்பிட்டால் ஸ்டைலிஸ்ட் எல்லோரும் ஒரே வாரத்தில் விற்பனையில் சறுக்கிவிட்டது போலத் தெரியும்.

கைரேகை எந்திரம் சொல்லாதது

இரண்டாம் நாற்காலிக்காரர் பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிறார். அடிக்கடி 9.45 தாண்டி 9.55க்குக் கைரேகை வைப்பார். அவருடைய முதல் அப்பாயிண்ட்மெண்ட் 10.30க்கு. நான்காம் நாற்காலிக்காரர் 9.30க்கே வந்து டீ குடித்துக்கொண்டிருப்பார், ஆனால் பதினோரு மணி வாடிக்கையாளர் பதினொன்றே காலுக்கும் சோஃபாவில்தான் உட்கார்ந்திருப்பார். எந்திரத்தின் கணக்கில் முதலாமவருக்குப் பிடித்தம், இரண்டாமவருக்கு நல்ல பெயர். காத்திருந்த வாடிக்கையாளர் இதில் எங்கேயும் இல்லை.

எனவே ஒரு மாதம் வேறு விதமாக அளந்தோம். குறித்த நேரத்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் கேப் போட்டாயிற்றா என்பதுதான் கேள்வி. நேரத்தை ஸ்டைலிஸ்ட் எழுதக் கூடாது, ஹெல்பர் ஜாப் கார்டில் எழுத வேண்டும். தாமதமானால் ஏன் என்பதை ரிசப்ஷன் அப்போதே குறிக்க வேண்டும், மாலையில் யோசித்து எழுதினால் எல்லாப் பழியும் ஸ்டைலிஸ்ட் தலையில்தான் விழும். அந்த மாதம் 64 தாமதத் தொடக்கங்கள். பேசின் காலியாக இல்லாததால் 21. நேரடியாக வந்த ஒருவரை ரிசப்ஷன் நடுவில் நுழைத்ததால் 17. முந்தைய வேலையை ஸ்டைலிஸ்ட் இழுத்ததால் 14. வாடிக்கையாளரே தாமதமாக வந்ததால் 8. ஸ்டைலிஸ்ட் இடத்தில் இல்லாததால் 4. ஆக 64இல் 18தான் ஸ்டைலிஸ்ட்களின் கணக்கில் வரும்.

அந்தப் பதினான்கிலும் பாதிக்கு மேல் ரூட் டச்சப். மென்பொருளில் அதற்கு 60 நிமிடம் என்று போட்டிருந்தார்கள். கலர் பூச 25, 30 நிமிடம், ஊற 35 நிமிடம், அலசி உலர்த்த 25 நிமிடம். எந்தக் கையாலும் அதை ஒரு மணி நேரத்தில் முடிக்க முடியாது. ஊறும் நேரத்தைக் குறைத்தால் வெள்ளை முடி மூடாது, மூன்றாம் வாரமே வாடிக்கையாளர் வந்து நிற்பார். அந்த ஒரு சேவையின் நேரத்தை 90 நிமிடமாக்கி, ஊறும் அரை மணியில் ஒரு த்ரெட்டிங் அல்லது ஆண்கள் ட்ரிம் போட இடம் விட்டோம். மூன்றாவது பேசின் போடுவதற்கு இன்னும் பிளம்பிங் வேலை ஆகவில்லை.

அரை நாள் பிடித்தத்தை மேடம் நிறுத்திவிட்டார். மூன்று நாள் பத்துப் பத்து நிமிடம் தாமதமானதற்கு அரை நாள் சம்பளத்தைப் பிடிப்பது சட்டப்படியும் நிற்காது. வேலைக்கு வராத நேரத்துக்கு ஏற்ற அளவுதான் பிடிக்கலாம் என்று 1936ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்திலேயே இருந்தது, 2019ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் அது தொடர்கிறது. அபராதம் என்றால் அதற்குத் தனி நடைமுறையும் சம்பளத்தில் மூன்று சதவீதம் என்ற உச்சவரம்பும் இருக்கின்றன. நேரத்தைப் பொறுத்தவரை இப்போது பணம் கொடுப்பதும் இல்லை, பிடிப்பதும் இல்லை. காரணத்தோடு பட்டியல் மட்டும் மாதாமாதம் சுவரில் ஒட்டப்படுகிறது, ரிசப்ஷனின் பங்கும் அதே பட்டியலில்.

மாதாமாதம் தரவரிசை ஏன் வேண்டாம்

மேடம் மாதம் ஒரு தடவை “ஸ்டார்” தேர்ந்தெடுக்க விரும்பினார். கணக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒரு ஸ்டைலிஸ்ட்டுக்கு மாதத்துக்கு 60 பேர், அவர்களில் பொதுவாகப் பாதிப் பேர் திரும்புவார்கள் என்று வையுங்கள். அவர் வேலையில் எதையுமே மாற்றாவிட்டாலும், திரும்புகிறவர்களின் எண்ணிக்கை ஒரு மாதம் 22 ஆகவும் இன்னொரு மாதம் 38 ஆகவும் வரலாம். அதாவது 37 சதவீதத்துக்கும் 63 சதவீதத்துக்கும் நடுவில் எதுவும் தற்செயலாகவே வரும். மூன்று மாதம் சேர்த்து 180 பேராக எடுத்தால் அந்த ஊசலாட்டம் 43க்கும் 57க்கும் இடையே சுருங்குகிறது. அப்போதும் ஐந்தாறு புள்ளி வித்தியாசத்தை வைத்து யாரையும் ஏற்றவோ இறக்கவோ கூடாது. மூன்றாம் நாற்காலிக்கும் ஐந்தாம் நாற்காலிக்கும் இடையே இருந்த 17 புள்ளி பேசத் தகுந்த வித்தியாசம். நான்காம் நாற்காலிக்கும் இரண்டாம் நாற்காலிக்கும் இடையே இருந்த 4 புள்ளியை நான் அவர்களிடம் சொல்லவே இல்லை.

உட்கார்ந்து பேசியது

மதிப்பீட்டை ஜூலை முதல் வாரத்தில் வைத்தோம். ஆடி பிறப்பதற்கு முன், கூட்டம் குறைவான ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாயன்று முடி வெட்டிக்கொள்ளாத வழக்கம் இங்கே இன்னும் பலரிடம் இருப்பதால் காலையில் சலூன் காலியாகத்தான் இருக்கும். ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம், மேசையில் அவரவர் தாள் மட்டும். மற்றவர்களின் எண் எதுவும் அதில் இல்லை.

ஐந்தாம் நாற்காலிப் பெண் தாளைப் பார்ப்பதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார். “அக்கா, தேதி நான் கேக்கறேன். அவங்க ஏதோ சொல்லுவாங்க, வேகமா. எனக்குப் புரியாது. திரும்பக் கேக்க வெக்கமா இருக்கு, அதான் விட்டுடறேன்.” அவருடைய 63 சதவீதத்தைக் காட்டினேன். சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இவங்கெல்லாம் திரும்பி வந்தாங்களா?” என்று கேட்டார். யார் யார் என்று பெயரோடு சொல்லச் சொன்னார், சொன்னேன். பலரையும் அவருக்கு முடியை வைத்தே ஞாபகம் இருந்தது: சுருட்டை, நெற்றியில் சுழி, காதுக்குப் பின்னால் தழும்பு.

அவரிடம் “இன்னும் முயற்சி செய்யுங்கள்” என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. தேதி கேட்கும் வேலையைத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. ஒரு சின்ன அட்டை அச்சடித்தோம். அதில் ரூட் டச்சப், ஹேர்கட், த்ரெட்டிங் என்று வரிசையாக இருக்கும், எதிரே எத்தனை வாரம் என்று எழுத ஒரு கட்டம். ஸ்டைலிஸ்ட் 5 என்று எழுதிக் கொடுத்தால் போதும். ரிசப்ஷனில் அதைப் பார்த்து, “ஐந்தாவது வாரம் புதன் அல்லது வியாழன் பதினோரு மணிக்கு இதே பொண்ணு ஃப்ரீங்க, எது வசதி?” என்று கேட்பார்கள். ஸ்டைலிஸ்ட் சொன்ன காரணம் வாடிக்கையாளரின் கையிலேயே அட்டையாக இருக்கும்.

மூன்றாம் நாற்காலிக்காரரோடு பேச்சு அவ்வளவு இலகுவாக இல்லை. தாளைப் படித்துவிட்டு அவர் சொன்னது: “டார்கெட் நீங்க வெச்சதுங்க. பதிவுக்கு அம்பது ரூபான்னீங்க, போட்டேன். ஸ்பாவுக்குப் பத்து பர்சென்ட்னீங்க, வித்தேன். இப்ப வந்து தப்புன்னா எப்படிங்க?” அவர் சொன்னதில் முழு நியாயம் இருந்தது, அதை அவரிடமே சொன்னேன். எதற்குப் பணம் கொடுத்தோமோ அதைத்தான் அவர் செய்திருந்தார். மதிப்பீட்டில் அவருக்கு எந்தக் குறிப்பும் எழுதவில்லை. கூடுதலாக எடுத்தவர்களில் 28 பேர், எடுக்காதவர்களில் 64 பேர் என்ற அந்த இரண்டு எண்ணை மட்டும் வட்டம் போட்டுக் காட்டினேன். நிறைய நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்த ஐடி கம்பெனி மேடம் வரதே இல்லை, யோசிச்சுட்டே இருந்தேன்” என்றார்.

பண விதி மாறியது இப்படித்தான். பதிவு போடும்போது 50 ரூபாய் என்பது போய், பதிவு போட்டவர் வந்து உட்கார்ந்த பிறகு 100 ரூபாய். கூடுதல் சேவைக்கு, முன்பே சொன்ன கையெழுத்து விதி. விதி மாறுவதால் அவருடைய கைப்பணம் சில மாதம் குறையும் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் அடுத்த காலாண்டில் யாருக்கும் இன்சென்டிவ் முந்தைய காலாண்டுத் தொகைக்குக் கீழே போகாது என்று மேடம் எழுதிக் கொடுத்தார். எனக்குத் தெரிந்தவரை இந்த மாதிரி மாற்றங்கள் கவிழ்வது இந்த இடத்தில்தான். உத்தரவாதம் இல்லாமல் விதியை மாற்றினால் நன்றாகப் பேசத் தெரிந்த ஆள் பக்கத்துத் தெரு சலூனுக்குப் போய்விடுவார்.

எல்லோருக்கும் பொதுவான 50 சதவீதம், 1,200 ரூபாய் என்ற டார்கெட்டுகளையும் எடுத்துவிட்டோம். இனி அவரவர் முந்தைய காலாண்டுதான் அவரவருக்கு அளவுகோல்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை

இந்தக் காலாண்டின் கணக்கு டிசம்பர் கடைசியில்தான் முழுதாக வந்தது. ஆடியும் புரட்டாசியும் உள்ளே இருப்பதால் மொத்த விற்பனையை ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டோடு ஒப்பிட முடியாது. சதவீதங்களையும் கொஞ்சம் தயக்கத்தோடுதான் பார்க்க வேண்டும்.

மூன்றாம் நாற்காலியில் 190 பேர். போட்ட பதிவுகள் 126இலிருந்து 71 ஆகக் குறைந்தன, வந்தவர்கள் 46. முன்பு 126க்கு 49. அதாவது பொய்ப் பதிவுகள் போயின, உண்மையானவை கிட்டத்தட்ட அப்படியே நின்றன. கூடுதல் சேவை 45 சதவீதத்திலிருந்து 28க்கு இறங்கியது. திரும்பி வந்தவர்கள் 99 பேர், 52 சதவீதம். முந்தைய 46ஐ விட அதிகம், ஆனால் மேலே சொன்ன ஊசலாட்டத்துக்குள் அடங்கிவிடக்கூடிய ஏற்றம், இதை வைத்து வெற்றி என்று சொல்ல மாட்டேன். நான் கவனித்தது இன்னொன்று. கூடுதலாக எடுத்த 53 பேரில் 27 பேர் திரும்பியிருந்தார்கள், எடுக்காத 137 பேரில் 72 பேர். இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன. 31க்கும் 58க்கும் இடையே இருந்த பள்ளம் மூடியதற்கு விலையை முன்கூட்டிச் சொன்னதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவருடைய பில் தொகை ஜூலையிலும் ஆகஸ்டிலும் நன்றாகவே குறைந்தது, உத்தரவாதத் தொகையைக் கொடுக்க வேண்டி வந்தது.

ஐந்தாம் நாற்காலியில் 171 பேருக்கு 58 பதிவுகள், 34 சதவீதம். முன்பு 15. வந்தவர்கள் 41. ஆனால் திரும்பி வந்தவர்கள் மொத்தம் 109 பேர், 64 சதவீதம், கிட்டத்தட்ட முன்பு இருந்ததேதான். அட்டை வந்ததால் அவருக்குப் புதிதாக யாரும் திரும்பவில்லை. அவருடைய வாடிக்கையாளர்கள் எப்படியும் வருகிறவர்கள். மாறியது அவர்கள் வரும் நாள். முன்பு மூன்றில் இரண்டு பங்கு சனி, ஞாயிறில் வந்து சோஃபாவில் காத்திருப்பார்கள். பதிவு போட்டு வந்த 41 பேரில் 26 பேர் திங்களுக்கும் வியாழனுக்கும் இடையில் வந்தார்கள். ரூட் டச்சப், ஸ்பா என்றால் செவ்வாய் கூடப் பலருக்குப் பரவாயில்லை, முடி வெட்டுவதற்குத்தான் அந்த நாள் ஆகாது. சனிக்கிழமை பேசினுக்குக் காத்திருப்பது அவருடைய கணக்கில் பாதியாகக் குறைந்தது. ரீபுக்கிங் எண்ணின் பயன் இங்கே வாடிக்கையாளரைக் கூட்டுவதில் இல்லை, வாரத்தைச் சமமாகப் பிரிப்பதில் இருந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, வார நாட்களில் வந்து நிறைவேறும் பதிவுக்கு 120 ரூபாய், சனி ஞாயிறுக்கு 60 ரூபாய் என்று மாற்றும் யோசனை மேடத்திடம் இருக்கிறது.

தீராத விஷயங்கள் இரண்டு உண்டு. புது வாடிக்கையாளர் யாரிடம் போகிறார் என்பதை இன்னும் ரிசப்ஷன்தான் தீர்மானிக்கிறது. சுழற்சி முறையில் கொடுக்கலாம் என்று ஆரம்பித்தோம், கலர் கேட்டு வருகிறவரை ஆறாம் நாற்காலிக்கு அனுப்ப முடியவில்லை, அவனுக்குக் கலர் பயிற்சி முடிய இன்னும் நாளாகும். கெரட்டின் வாடிக்கையாளர்களைக் கணக்கிலிருந்து நீக்கியதால் முதல் நாற்காலி அக்காவின் வேலையில் பெரும்பகுதி அளக்கப்படாமலே நிற்கிறது. கெரட்டினுக்கு ஐந்து மாதக் கெடு வைத்து ஜூலை, ஆகஸ்ட் வாடிக்கையாளர்களைத் தனிப் பட்டியலாக எடுத்து வைத்திருக்கிறோம். அக்காவுடனான பேச்சு அந்தப் பட்டியல் நிறைந்த பிறகுதான், பிப்ரவரியில்.